முதலில் சொன்ன நேரமும் கடைசியாகச் சொன்ன நேரமும்: குரல் பதிவுத் தாளுடன் என் அனுபவம்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் கடற்கரையோரம் இருக்கும் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் முன்மேசை வேலை எனக்கு. சீசன் தொடங்கிவிட்டால் அறை கேட்பவர்களும் புறாத்தீவுக்குப் படகு கேட்பவர்களும் வாட்ஸ்அப்பில் ஆங்கிலக் குரல் பதிவுகளை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எழுதி அனுப்ப அவர்களுக்குப் பஞ்சி. அதைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது எங்கள் பாடு. இதற்காக நான் ஒரு தாள் வைத்திருக்கிறேன். சில சீசன்களாகப் பாவித்த பிறகு, அதில் எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

தாளின் யோசனை எனதல்ல. ஆங்கிலம் படிப்பிக்கும் அக்கா ஒருவர் கேம்பிரிட்ஜ் ஏ2 கீ பரீட்சைப் பயிற்சியைக் காட்டினார். அதன் செவிமடுத்தல் தாளில் இரண்டாம் பகுதி, ஒருவர் தனியாகப் பேசுவதைக் கேட்டு, குறிப்பில் உள்ள 5 இடைவெளிகளை நிரப்புவது. நாள், நேரம், விலை, பெயர் என்று சின்ன விடயங்கள்தான். எங்கள் மேசையில் நடப்பதும் இதுதானே என்று பட்டது. அரைத்தாளில் நாள், வரும் நேரம், ஆட்கள், படகு நேரம், பெயர் என்று வரிகள் போட்டேன். பேசத் தொடங்குமுன்பே எந்த வரியில் இலக்கம் வரும், எந்த வரியில் பெயர் வரும் என்று தெரிந்திருப்பதே பாதி வேலையைக் குறைத்துவிடும். முழுப் பேச்சும் விளங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த முதல் வடிவம் எங்களுக்குப் போதவில்லை. காரணம், வெளிநாட்டுக்காரர் குரல் பதிவில் யோசித்துக்கொண்டே கதைப்பார். ஒரு நேரம் சொல்வார், பிறகு மாற்றுவார், சிலவேளை மாற்றியதையும் மாற்றுவார். ஒரே ஒரு பெட்டி இருந்தால் கை முதலில் கேட்ட இலக்கத்தை எழுதிவிடும். எழுதி முடிப்பதற்குள் திருத்தம் காதைத் தாண்டிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பெட்டி போட்டேன். இடது பெட்டியில் முதலில் சொன்னது, வலது பெட்டியில் கடைசியில் நின்றது. பதிவேட்டுக்குப் போவது வலது பெட்டி மட்டும்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிமாருக்குக் காட்ட, வழக்கமாக வரும் பதிவுகளின் சாயலில் நானே ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். பெயர் கற்பனை. ஆங்கிலத்தில் பேசுபவரின் செய்தி தமிழில் இப்படி இருக்கும்: “வணக்கம், கிளேர் வோன் பேசுகிறேன். 13ஆம் திகதி வியாழக்கிழமை, இரண்டு இரவுக்கு அறை போட்டிருக்கிறோம். நாலு மணிக்கு வந்துவிடலாம் என்றுதான் இருந்தோம், ஆனால் ஹபரணைக்குப் பிறகு வீதி வேலை நடக்கிறதாம், அதனால் ஐந்தே முக்கால் ஆகும். நாலு பேர் வருவதாக இருந்தது, தங்கை கண்டியிலேயே நிற்கிறாள். வெள்ளிக்கிழமைப் படகு ஏழு மணிக்கு என்றீர்கள், ஏழரைக்கு வைக்கலாமா? இல்லை, பொறுங்கள், பிறகு கடல் குழம்பும் என்றால் ஏழுக்கே இருக்கட்டும்.”

முதலில் வருகை நேரம். ஆங்கிலத்தில் அவர் சொல்வது ‘வி வேர் ஹோப்பிங் டு கெட் தேர் பை ஃபோர்’. இந்த ‘வேர் ஹோப்பிங் டு’, ‘வாஸ் கோயிங் டு’, ‘வாஸ் சப்போஸ்ட் டு’ எல்லாம் வந்தாலே பெரும்பாலும் திட்டம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். ‘பட்’ வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்போது கேட்கும் இலக்கத்தை இடது பெட்டியில் மெல்லமாகக் கிறுக்கிவிட்டு, அடுத்த இலக்கத்துக்குக் காதைத் தயாராக வைக்க வேண்டும். வருவது ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’. இதில் ‘டு’ மெல்லிசாகத்தான் கேட்கும், ‘சிக்ஸ்’ பலமாகக் கேட்கும். அவசரக்காரர் 6.15 என்று எழுதுவார். நான் முதலில் 6 என்று எழுதி, அதற்கு முன் கால்மணியா பின் கால்மணியா என்பதை மட்டும் திரும்பக் கேட்பேன். விடை 5.45.

ஆட்கள் எண்ணிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. வலது பெட்டிக்கான ‘மூன்று’ என்ற சொல் பதிவில் எங்கேயும் இல்லை. நாலு பேரில் தங்கை வரவில்லை என்பதைக் கேட்டு நாங்களே கழிக்க வேண்டும். பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலும் விடைச்சொல் ஒலியிலேயே இருக்கும், வாழ்க்கையில் அப்படியில்லை. புத்தகத்தில் நன்றாகச் செய்த பிள்ளைகளும் இந்த இடத்தில் 4 என்றே விட்டுவிடுகிறார்கள்.

படகு நேரம் இன்னும் சுவையானது. ஏழு, பிறகு ஏழரை, பிறகு மறுபடி ஏழு. ‘இன்ஸ்டெட்’ என்ற சொல்லைக் கேட்டவுடனே மாற்றம் முடிந்தது என்று பேனையை வைத்துவிட்டால் 7.30 நின்றுவிடும். ‘ஆக்சுவலி, நோ, லீவ் இட் அட் செவன்’ என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. அதனால் என் விதி: அந்த விடயத்தை விட்டு அடுத்த விடயத்துக்குப் போகும்வரை வலது பெட்டியை மூடக் கூடாது. இது ஒன்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவரத்தான் அதிக காலம் எடுத்தது. இப்போதும் களைத்த பின்னேரங்களில் கை அந்தரப்படும்.

திகதிக்கு வேறு வழி இருக்கிறது. தேர்ட்டீனும் தேர்ட்டியும் கரகரத்த பதிவில் ஒன்றுபோலக் கேட்கும். தேர்ட்டீனில் பின்பாதி அழுத்தமாக வரும் என்று பாடசாலையில் சொல்லித் தந்ததுதான். ஆனால் ‘தேர்ட்டீன் பீப்பிள்’ என்று பின்னால் இன்னொரு சொல் ஒட்டினால் அழுத்தம் முன்பாதிக்கு நகர்ந்துவிடும். அப்போது கடைசியில் ‘ன்’ இருக்கிறதா என்பதுதான் துணை. அதுவும் கேட்கவில்லை என்றால் கலண்டரைப் பார்க்க வேண்டும். 13 வியாழன் என்றால் அதே மாதத்தின் 30 ஞாயிறு. கிழமையும் திகதியும் பொருந்தினால் சரி. டியூஸ்டே, தேர்ஸ்டே குழப்பமும் இதிலேயே தீரும். ஒருவர் திகதியை மட்டும் சொல்லியிருந்தால், பதிலில் கிழமையையும் சேர்த்து எழுதி அனுப்புவேன்.

பெயர்தான் தாளின் பலவீனம். வோன் என்று காதில் விழுந்ததை எழுதினால் பாஸ்போர்ட்டில் இருப்பது Vaughan. எவ்வளவு கூர்மையாகக் கேட்டாலும் அந்த எழுத்துகள் ஒலியில் இல்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னாலும் ஆங்கிலத்தின் பி, சி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ‘ஈ’ என்றே முடிவதால் மோசமான பதிவில் பிரித்தறிவது கஷ்டம். அவுஸ்திரேலியாக்காரர் ‘ஏ’ என்று சொல்வது எங்கள் காதில் ‘ஐ’ மாதிரி விழும். ஆகவே பெயர் வரியில் இப்போது பெட்டி இரண்டு இல்லை. கேட்டபடி தமிழில் ஒன்று எழுதிவிட்டு, பக்கத்தில் ‘எழுத்தில் கேள்’ என்று குறிப்பு. பெயரை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. இதற்காகப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது நேர விரயம் என்பது என் முடிவு.

தாளால் தீராத இன்னொன்றும் உண்டு. ‘ஹாஃப் செவன்’ என்று பிரித்தானியர் சொன்னால் 7.30. ஜெர்மன்காரர் சிலர் தங்கள் மொழியின் வழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து அதையே 6.30 என்ற அர்த்தத்தில் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே அது ஏழை நோக்கிய அரை. இரண்டு பேரும் தெளிவாகத்தான் பேசுகிறார்கள். எனக்கும் தெளிவாகத்தான் கேட்கிறது. படகுக்காரர் ஒரு மணித்தியாலம் கரையில் நின்று ஏசப்போவது என்னை. ‘ஹாஃப்’ வந்து ‘பாஸ்ட்’ வராத இடமெல்லாம் நான் இலக்கத்தில் எழுதிக் கேட்டுவிடுவேன்.

குரல் பதிவுக்கு நான் மூன்று சுற்று வைத்திருக்கிறேன். முதல் சுற்றில் பேனை இல்லை, என்ன விடயங்கள் வருகின்றன என்று மட்டும். இரண்டாவதில் நாள், நேரம், இலக்கம். மூன்றாவதில் மாற்றச் சொற்கள் வரும் இடங்களை மட்டும் நிறுத்தி வலது பெட்டியைச் சரிபார்ப்பது. இது மூன்று நிமிடப் பதிவுக்கும் சரிவரும்.

ரயில் நிலைய அறிவிப்புக்கு இப்படித் திரும்பப் போட்டுக் கேட்கும் வசதி கிடையாது. கொழும்பு கோட்டை நிலையத்தில் ஒலிபெருக்கி எதிரொலிக்கும், சனம் கதைக்கும், ஒரு சொல் போனால் போனதுதான். ஐஈஎல்டிஎஸ் செவிமடுத்தலிலும் ஒருமுறைதான் போடுவார்கள், அதற்குப் படிப்பவர்களுக்கு ரயில் நிலையம் நல்ல பயிற்சிக்களம். அங்கே முன்கூட்டி எழுதி வைப்பதுதான் கைகொடுக்கும். ஊருக்கு வரும்போது நான் கையில் வைத்திருப்பது நிலையங்களின் வரிசை: மாகோ, கெக்கிராவ, ஹபரணை, கல்ஓயா, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா, திருகோணமலை. ஒலிபெருக்கியில் ‘…ஓயா’ என்ற வால் மட்டும் கேட்டாலும் பட்டியலில் அதற்குப் பொருந்துவது ஒன்றுதான். மட்டக்களப்பு ரயிலில் ஏறினால் கல்ஓயாவில்தான் மாற வேண்டும் என்பதால் அந்தப் பெயர் வரும் இடத்தில் காது தானாகக் கூராகும். மேடை இலக்கத்துக்கும் நேரத்துக்கும் அப்படிப் பட்டியல் உதவாது. ஆனால் அங்கே ஒரே அறிவிப்பு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று வருவதால் ஒன்றில் தவறிய இலக்கத்தை அடுத்ததில் பிடிக்கலாம். பரீட்சைக்குப் படிப்பவர்கள் தமிழ் அறிவிப்பின்போது காதைப் பொத்திக்கொள்ளட்டும், எனக்கு ரயில்தான் முக்கியம்.

இப்போது பாவிக்கும் தாளில் ஐந்து வரிகள்தான். முன்பு ‘காரணம்’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. வீதி வேலை, காய்ச்சல் என்று எழுதி நிரப்பியதில் அடுத்த நேரம் தவறிப்போனதால் எடுத்துவிட்டேன். கீழே ‘திருப்பிச் சொன்னேன்’ என்று ஒரு சின்னச் சதுரம் சேர்த்திருக்கிறேன். வலது பெட்டியில் இருப்பதை மட்டும் விருந்தாளிக்கு எழுத்தில் அனுப்பி, அவர் சரி என்ற பிறகு அதில் சரி போட வேண்டும். அது வெறுமையாக இருந்தால் இரவு வேலைக்கு வரும் தம்பி படகுக்காரரை அழைக்க மாட்டார்.