மணிச்சரமா, புளியங்கொட்டையா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கில் அமைப்புகளை, அதாவது ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதையும் வளர்வதையும், சொல்லித்தர இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். இப்போது முதலில் எடுப்பது மணியைத்தான். செலவில் புளியங்கொட்டையை எதுவும் வெல்லாது. மணியென்றால் பெரிய துளை வேண்டும். நூலுக்குப் பதில் ஷூ லேஸ் நல்லது.

என்னை மணியின் பக்கம் சாய்த்தது ஒரே காரணம்: பிள்ளை எதைப் பார்த்துக் கோக்கிறது என்பது சரத்தில் தெரிந்துவிடும். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று கோக்கச் சொன்னால் எல்லாரும் சரியாகச் செய்வார்கள். கடைசி மணியின் நிறத்தைப் பார்த்து மற்றதை எடுத்தால் போதுமே! சிவப்பு, மஞ்சள், மஞ்சள் என்று மாற்றிப் பாருங்கள். இப்போது கடைசியில் மஞ்சள் இருந்தால், அது முதல் மஞ்சளா இரண்டாவதா என்று தெரிந்தாக வேண்டும். மூன்று மணியும் சேர்ந்து ஒரு தொகுப்பு என்பதைப் பிடிக்காத பிள்ளை இங்கே தடுமாறும். தரையில் பரப்பிய கொட்டை கை பட்டால் நகர்ந்துவிடுகிறது. சரத்தில் பிழை அப்படியே நிற்கிறது, பிள்ளையே விரல் வைத்துக் காட்டுகிறது.

அடுத்து, ஒவ்வொரு தொகுப்பு முடிந்ததும் சரத்தில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டச் சொல்வேன். எட்டுத் தொகுப்பு கோத்தால் சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை? எட்டும் பதினாறும். பிறகு, கோக்காமலே சொல்ல வேண்டிய கேள்வி: 20ஆவது மணி என்ன நிறம்? ஆறு தொகுப்பில் 18 மணி போய்விடும். மீதி இரண்டு, தொகுப்பில் இரண்டாவது மணி மஞ்சள், ஆகவே 20ஆவதும் மஞ்சள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போன பிள்ளை இப்படித் தாவத் தொடங்குவதுதான் இயற்கணிதத்தின் வாசல்.

வளரும் அமைப்புக்கு வந்தால் மணி பின்தங்குகிறது. ஒரு சிவப்பு, இரண்டு சிவப்பு, மூன்று சிவப்பு என்று இடையில் மஞ்சள் வைத்துக் கோக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே கோட்டில் ஓடுவதால் ‘இது எத்தனையாவது’ என்பது மறைந்துவிடுகிறது. இதற்குக் கொட்டைதான். முதலில் ஒரு கொட்டை. அடுத்து அதையே மூலையாக வைத்து மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதற்கடுத்து இரு பக்கமும் இரண்டிரண்டு. 1, 3, 5 என்று வளரும். பத்தாவது வடிவத்தில் மூலை ஒன்று, பக்கத்துக்கு ஒன்பது, மொத்தம் 19. வடிவத்தைப் பார்த்தாலே கணக்கு கிடைக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுடன் இந்த வளரும் வடிவங்களை நான் அதிகம் செய்ததில்லை; அதனால் அந்த வயதுக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு வடிவத்தின் கீழும் 1, 2, 3 என்று எண் அட்டை வைக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் பிள்ளை ‘இரண்டு கூடுகிறது’ என்பதோடு நின்றுவிடும். பத்தாவதைக் கேட்டால் ஒன்பதையும் அடுக்கத் தொடங்கிவிடும்.