பெருக்கிப் பார்ப்பதா, பாதிப்பை முன்வைப்பதா?

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளுக்கு இருக்கை பதிவு செய்யும் ஒரு சிறிய செயலி. மே மாதம் கடல் அடங்கி சீசன் தொடங்குகிறது. சோதிக்க எங்களுக்கு மிச்சம் இருந்தது 10 மணித்தியாலம். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, எதை முதலில் பார்ப்பது?

வழக்கமான வழி பெருக்கல். பிழை வரும் வாய்ப்புக்கு 1 முதல் 5, வந்தால் ஏற்படும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துவது. பணம் செலுத்தும் பகுதியை அந்த வாரம்தான் மாற்றியிருந்தோம்: 4×5, அதாவது 20. படகு உரிமையாளரின் வருமான அறிக்கை 4×3, 12. மொழி மாற்றம் 5×2, 10. கடைசி இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் பதிவு செய்வது 2×5, அதுவும் 10. பணத்துக்கு 5 மணி, அறிக்கைக்கு 3 மணி என்று போனால் மிச்சம் 2 மணி. அதை மொழிக்குக் கொடுப்பதா, இருக்கைக்கா? பெருக்கல் பதில் சொல்லாது. அடிக்கடி வரும் சின்னத் தொல்லையும் அரிதாக வரும் பெரிய சேதமும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

படகோட்டும் அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, எழுத்து பிழையெண்டா சனம் எப்பிடியாவது விளங்கிக்கொள்ளும். எட்டுப் பேர் ஏறுற போட்டுக்கு ஒன்பது பேர் காசு கட்டிப்போட்டு வந்து நிண்டா, நான் ஆரை இறக்குறது?"

இரண்டாவது வழி இதிலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் பாதிப்பை வைத்து அடுக்கு, ஒரே பாதிப்பு உள்ளவற்றுக்குள் மட்டும் வாய்ப்பைப் பார். வாகனத் துறையில் பல காலம் பாதிப்பு, வாய்ப்பு, பிழையைக் கண்டுபிடிக்கும் கடினம் என்ற மூன்று எண்களைப் பெருக்கித்தான் ஆபத்தை அளந்தார்கள். 2019இல் அமெரிக்க வாகனத் துறை அமைப்பான AIAG, ஜெர்மன் வாகனத் துறைச் சங்கமான VDA இரண்டும் இணைந்து, எது எப்படிப் பழுதாகலாம் என்று முன்கூட்டியே ஆராயும் FMEA முறைக்கு வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, பாதிப்பின் கடுமைக்கு முதலிடம் தரும் அட்டவணைக்கு மாறியது.

எங்கள் வரிசையில் இருக்கை இரண்டாவது இடத்துக்கு ஏறியது. ஒரே ஒரு இருக்கையை மிச்சம் வைத்து, இரண்டு கைபேசிகளில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினோம். இரண்டுக்கும் உறுதிச்சீட்டு வந்தது! இருக்கைப் பகுதியில் யாரும் கை வைக்கவில்லை என்றுதான் வாய்ப்புக்கு 2 போட்டிருந்தோம். ஆனால் புதிய பணப் பகுதி வங்கியின் பதிலுக்காகக் காத்திருந்தது. இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதைக் குறித்து வைப்பதற்கும் நடுவே இருந்த இடைவெளி அதனால் நீண்டுவிட்டது. பாதிப்பைப் படகோட்டி அனுபவத்தில் சொன்னார், வாய்ப்பை நாங்கள் ஊகித்தோம். இந்த இரண்டையும் சம எடையில் பெருக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பாதிப்பை முன்வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்டால் ஒவ்வொருவரும் தன் பகுதிக்கு 5 என்பார்கள். அதனால் 5 என்றால் பணமோ உயிரோ சம்பந்தப்பட்டது, அன்றைக்கே திருத்த முடியாதது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், எந்தப் பகுதியில் எத்தனை பிழை வந்தது என்ற பழைய பதிவு இரண்டு மூன்று சீசனுக்குக் கையில் இருந்தால் பெருக்கலையே எடுக்கலாம், அப்போது வாய்ப்பு வெறும் ஊகம் அல்ல. எங்களிடம் அது இல்லை. மொழி மாற்றத்தைக் கடைசி அரை மணியில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வெளியிட்டோம்.