நாறாத மீனுக்கு அழுத 1,740 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் எங்கள் பக்கம் புதிதாக ஒரு மீன் கடை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, தொப்பி போட்ட பையன்கள். பெயர் சொல்லப் போவதில்லை. போய் நின்றதும் பையன் சூரைத் துண்டு ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். “மோந்து பாருங்கண்ணே. நாத்தம் இருந்தா காசே வேணாம்.” மோந்தேன். ஒன்றுமே இல்லை, கழுவிய தட்டு மாதிரி இருந்தது. இதைவிட என்ன வேண்டும் என்று ஒன்றரைக் கிலோ வாங்கினேன், 690 ரூபாய்.

அன்றைக்குக் காலையில்தான் அம்மா தெருவில் கூடைக்கார அக்காவிடம் பால் சுறா வாங்கி வைத்திருந்தார். பையைத் திறந்ததும் கழிவறை வாடை மாதிரி சுள்ளென்று மூக்கில் ஏறியது. “அத்தை, இது கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுருங்க” என்றாள் என் மனைவி. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, தோலை உரித்து, பிழிந்து உதிர்த்து, பூண்டு தூக்கலாகப் போட்டுப் புட்டு செய்தார். அவர் அதைச் சாப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் “சுத்தமான” சூரை வறுவல் சாப்பிட்டோம்.

அரை மணி நேரம் ஆகவில்லை. மனைவியின் முகமும் கழுத்தும் குங்குமம் அப்பியது போலச் சிவந்தன. எனக்குத் தலை வெடித்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பெல்லாம் அரிப்பு. சாப்பிடும்போதே நாக்கில் மிளகு பட்டது போல ஒரு சுருசுருப்பு இருந்தது. மசாலா என்று நினைத்து விழுங்கிவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஆட்டோ பிடித்து கிளினிக் போனோம். டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, “சூரையா, அயிலையா?”

ஊசி, மாத்திரை. ஆட்டோ 300, டாக்டருக்கும் மருந்துக்கும் 750, மீன் 690. ஆக 1,740 ரூபாய்.

டாக்டர் சொன்னதையும், அதற்கப்புறம் இரண்டு ராத்திரி நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சூரை, அயிலை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் படகிலோ லாரியிலோ சில மணி நேரம் சூட்டில் விட்டால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு விடுகிற அதே சரக்குதான். அதனால்தான் அலர்ஜி மாதிரியே சிவக்கிறது, அரிக்கிறது. ஆனால் இது மீன் அலர்ஜி இல்லை, ஒழுங்கான மீன் என்றால் நாளைக்கே சாப்பிடலாம் என்றார் டாக்டர். ஹிஸ்டமினுக்கு வாடை கிடையாது. வறுத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரக் குழு வைத்த வரம்பு. அதை மூக்கால் அளக்க முடியுமா?

அப்படியானால் மீன் நாற்றம் என்பது என்ன? அது வேறு கதை. கடல் மீன் உப்புத் தண்ணீரில் தாக்குப்பிடிக்க, டிரைமெத்தில் அமின் ஆக்சைடு என்ற பொருளைச் சதையில் வைத்திருக்கும். அதற்கு வாடை இல்லை. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் நிற்கிற டிரைமெத்தில் அமின்தான் நாம் சொல்கிற கவிச்சி. இந்த வேலையைச் செய்கிற பாக்டீரியாக்கள் குளிரிலும் சளைக்காதவை, ஐஸில் இருக்கிற மீனிலும் நாள் கணக்கில் மெதுவாக வேலை செய்யும். ஹிஸ்டமின் ஆட்கள் பெரும்பாலும் சூட்டை விரும்புகிறவர்கள், சில மணி நேரம் கிடைத்தால் போதும். காலையில் வெயிலில் கிடந்து சாயங்காலம் ஐஸுக்குப் போன சூரை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாறுவதற்கு நேரம் இருந்திருக்காது, விஷமாவதற்கு நேரம் இருந்திருக்கும். என் 690 ரூபாய்க்கு அந்த மாதிரி மீன்தான் கிடைத்திருக்கிறது.

அம்மாவின் சுறா நேர் எதிர். சுறாவும் திருக்கையும் உயிரோடு இருக்கும்போதே சதையில் யூரியா வைத்திருக்கும். செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்கத் தொடங்கிவிடும். அதனால் மற்ற மீன் நல்ல நிலையில் இருக்கிற நேரத்திலேயே சுறாவில் நெடி வந்துவிடும். அம்மோனியா தண்ணீரில் கரையும், அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டியதும் நெடி நன்றாகக் குறைந்துவிடும். கண் எரிகிற அளவுக்கு நெடி இருந்தால் அது பழசுதான், அதை அம்மாவும் வாங்க மாட்டார். குளத்துக் கெண்டையில் வருகிற மண் வாடையும் கெட்டதன் அடையாளம் இல்லை, தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிர்கள் விடுகிற பொருள் சதையில் ஏறியது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கடையின் வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் பிழிந்த எலுமிச்சை மூடிகள் கிடந்தன. புளி, எலுமிச்சை எதுவானாலும் அமிலம் பட்டால் டிரைமெத்தில் அமின் உப்பாக மாறி, காற்றில் எழும்பாமல் சதையிலேயே உட்கார்ந்துவிடும். நாம் வீட்டில் புளித்தண்ணீரில் அலசுவதும் அதற்குத்தான். விற்பவன் அலசினால்? எனக்கு நீட்டிய துண்டில் அது நடந்ததா என்று நிரூபிக்க முடியாது.

சரி, கடைக்காரர்கள் சொன்னதைக் கேளுங்கள். ஞாயிறு ராத்திரி போன் செய்தேன். “மீன்ல நாத்தம் இருந்துச்சாண்ணே?” இல்லை என்றேன். “அப்ப மீன் நல்ல மீன்தானே?” திங்கட்கிழமை நேரில் போனேன். மேனேஜர் வரவில்லையாம். பில்லைக் காட்டினேன், டாக்டர் சீட்டைக் காட்டினேன். மோந்து பார்க்கச் சொன்ன அதே பையன், “நீங்கதானண்ணே மோந்து பாத்து எடுத்தீங்க” என்றான்! சாயங்காலம் மேனேஜரே பேசினார். “சார், அன்னைக்கு நாப்பது பேர் வாங்கினாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி?” ஒரே மீனில்கூட ஒரு துண்டில் ஹிஸ்டமின் ஏகமாக இருக்கும், அடுத்த துண்டில் இருக்காது என்று சொல்ல ஆரம்பித்தேன். “வேணும்னா அடுத்த தடவை பத்து பெர்சன்ட் குறைச்சுத் தர்றோம்” என்று வைத்துவிட்டார். 1,740 ரூபாய்க்குப் பதில் பத்து பெர்சன்ட்.

என்ன பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. சூரை, அயிலை, மத்தி வாங்கினால் மோந்து பார்ப்பதோடு நிற்காதீர்கள், எப்போது ஐஸில் போட்டார்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள். வாயில் சுருசுருவென்றால் துப்பிவிடுங்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் ரொம்பக் கவனம், அந்த மாத்திரை ஹிஸ்டமினை உடம்பு உடைப்பதைத் தடுக்கும். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிச்சமிருந்த நான்கு பச்சைத் துண்டுகளை ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நாளைக்குக் கொண்டுபோகிறேன். அம்மா தெரியாமல் எடுத்துக் குழம்பு வைத்துவிடப் போகிறார் என்று மேலே பேப்பர் ஒட்டி, “தொடாதீங்க, 1,740 ரூபாய்” என்று எழுதியிருக்கிறேன்.