ட்ராப் மட்டும் போதுமா, நிற்கும் குழாயும் வேண்டுமா?

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் ஹோஸை, செப்டிக் டேங்குக்குப் போகும் குழாயில் நேராகச் செருகியிருந்தோம். மெஷின் மூடியைத் திறந்தாலே சாக்கடை நாற்றம்.

முதலில் ட்ராப் எனும் U வடிவ வளைவுக் குழாயை மட்டும் வைத்தோம். செலவு குறைவு, வளைவில் நிற்கும் தண்ணீர் வாயுவை மறித்துவிடும். ஆனால் ஹோஸை இறுக்கிச் செருகி டேப் சுற்றியிருந்ததால் காற்று நுழைய வழியில்லை. மெஷின் தண்ணீரைத் தள்ளி முடிக்கும்போது ‘களக்’கென்று ட்ராப் தண்ணீரும் உறிஞ்சப்பட்டு, நாற்றம் திரும்பியது.

அப்புறம் அதே ட்ராப்புக்கு மேல் இரண்டரை அடிக்கு இரண்டு அங்குலக் குழாயை நிறுத்தினோம். ஹோஸ் அரை அடிதான் உள்ளே, சுற்றிலும் காற்று போக இடைவெளி. இதுதான் சரி. ட்ராப் இல்லாமல் குழாயை மட்டும் நிறுத்தினால் நாற்றம் போகாது.

கோடையில் வீட்டைப் பல வாரம் பூட்டிவைத்தால் ட்ராப் காய்ந்துவிடும். வந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.