கல்விக்கடன் அட்டவணையும் கல்லூரி டிமாண்ட் நோட்டும்: நான் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வெளிநாட்டில் படிக்கும் மகளின் கல்விக்கடன் வேலைகளை முதல் செமஸ்டரிலிருந்து நான்தான் கவனிக்கிறேன். இதுவரை தெளிவாகப் புரிந்த ஒன்று: வங்கி எந்த செமஸ்டருக்கு எவ்வளவு தரும் என்ற அட்டவணையையும், கட்டணம் கேட்டுக் கல்லூரி அனுப்பும் டிமாண்ட் நோட்டையும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடக் கூடாது, தலைப்பு வாரியாகத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் செமஸ்டரையே சொல்கிறேன். வங்கி அட்டவணையில் அந்த செமஸ்டருக்குக் கல்விக் கட்டணம் 12,000 டாலர். வந்த டிமாண்ட் நோட்டிலும் கட்ட வேண்டியது 12,000. சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உள்ளே கல்விக் கட்டணம் 12,400, மருத்துவக் காப்பீடு 900, உதவித்தொகைக் கழிவு 1,300. கழிவு கல்விக் கட்டணத்துக்கு மட்டும் என்பதால், அந்தத் தலைப்பில் நிற்பது 11,100தான். காப்பீடு எங்கள் சாங்ஷன் லெட்டரில் 'இதர செலவுகள்' என்ற வேறு தலைப்பில் இருக்கிறது. முழுத் தொகையையும் கல்விக் கட்டணம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் விண்ணப்பம் திரும்பி வந்திருக்கும். அதற்குள் கடைசித் தேதியும் நெருங்கிவிடும். அதனால் 11,100, 900 என்று இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் மார்ஜின், அதாவது கட்டணத்தில் நாங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. எங்களுடையது பத்து சதவீதம், ஒவ்வொரு தவணையிலும். அந்த முறை எங்கள் பங்கு 1,200, வங்கியின் பங்கு 10,800. எங்கள் பங்கைக் கட்டிய ரசீது இல்லாமல் வங்கி தன் பங்கை விடுவிக்காது. ஆகவே டிமாண்ட் நோட் கைக்கு வந்தவுடன் முதலில் மார்ஜினைக் கட்டிவிடுவேன்.

அட்டவணையில் இருக்கும் தேதி, கடன் வாங்கும்போது உத்தேசமாகப் போட்டது. நம்ப வேண்டியது டிமாண்ட் நோட்டில் இருக்கும் கடைசித் தேதியைத்தான். அதற்காக ரொம்ப முன்னதாகப் பணத்தை எடுக்கவும் வேண்டாம். விடுவித்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இரண்டாம் செமஸ்டரில் எங்களைப் படுத்தியது வெறும் 20 டாலர். வழியிலுள்ள இடைநிலை வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டதால் கல்லூரிக்கு அவ்வளவு குறைவாகப் போய்ச் சேர்ந்தது. போர்ட்டலில் பாக்கி என்று காட்டி, பாடப் பதிவையே நிறுத்திவிட்டார்கள். வங்கியில் பணம் அனுப்பிய விவரம் இருக்கும் ஸ்விஃப்ட் நகல் வாங்கிப் பார்த்தபோதுதான் பணம் எங்கே குறைந்தது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பணம் அனுப்பும் படிவத்தில் கட்டணப் பகுதியில் OUR என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். செலவு நம் பக்கம் வந்துவிடும். மாணவர் எண் குறிப்புப் பகுதியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். அது இல்லாவிட்டால் பணம் கல்லூரிக் கணக்குக்குப் போனாலும் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் கடன் வரம்பு நம் பணத்தில், கட்டணமோ டாலரில். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் மிச்ச வரம்பை அன்றைய மாற்று விகிதத்தால் வகுத்து, மீதி செமஸ்டர்களில் வங்கி தர வேண்டிய பங்கோடு ஒப்பிடுகிறேன். டாலர் ஏறினால் இடிப்பது கடைசி செமஸ்டரில்தான். முன்பே தெரிந்தால் வரம்பை உயர்த்தக் கேட்கவோ, சொந்தப் பணம் புரட்டவோ நேரம் இருக்கும்.