சமச் சிறகா, உடைந்த சிறகா: எந்தப் பட்டர்ஃப்ளை?

பட்டர்ஃப்ளை என்பது மூன்று ஸ்ட்ரைக் விலைகளில் ஆப்ஷன்களை வாங்கியும் விற்றும் அமைக்கும் உத்தி. பங்கு 100-இல் நிற்கிறது. 95, 90, 85, 80 ஸ்ட்ரைக் புட்களின், அதாவது அந்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமைகளின், பிரீமியம் முறையே 2.00, 1.20, 0.70, 0.30 என்று கொள்வோம். இரண்டு முறையிலும் 95-இல் ஒன்று வாங்கி, 90-இல் இரண்டு விற்கிறோம். மூன்றாவது கால்தான் வேறு: சமச் சிறகில் 85 வாங்குகிறோம், உடைந்த சிறகில் 80.

செலவு: சமச் சிறகுக்கு 0.30 கொடுக்கிறோம். உடைந்த சிறகில் 0.10 கைக்கு வருகிறது. தரகுக் கட்டணம் அதை விழுங்கிவிடாதா என்று முதலில் கணக்கிட்டுவிடுங்கள்.

முடிவு நாளில் பங்கு 95-க்கு மேல் முடிந்தால்: முன்னதில் 0.30 நஷ்டம். பின்னதில் அந்த 0.10 நமக்கே.

சரியாக 90-இல் முடிந்தால்: முன்னதில் 4.70 லாபம், பின்னதில் 5.10.

பங்கு சரிந்தால்: இங்கேதான் கவனம் வேண்டும். சமச் சிறகின் நஷ்டம் 0.30-ஐத் தாண்டாது. உடைந்த சிறகில் 84.90-க்குக் கீழே நஷ்டம் தொடங்கி, 80-இலும் அதற்குக் கீழும் 4.90 ஆகிறது. காரணம் எளிது: இது சமச் சிறகோடு 85/80 புட் ஸ்பிரெட் ஒன்றைச் சேர்த்து விற்பதுதான், அதாவது 85-ஐ விற்று 80-ஐ வாங்குவதுதான். அந்த விற்பனையின் 0.40-தான் 0.30 செலவை 0.10 வரவாக்கியது. தரகர் பிணையாகப் பிடித்து வைக்கும் மார்ஜினும் அதற்கேற்ப முடங்கும்.

முடிவு நாளுக்கு வெகு முன்பே பங்கு வேகமாக 90-க்கு விழுந்தால், லாபத்தின் உச்சியில் நின்றும் கணக்கு நஷ்டம் காட்டக்கூடும். விற்ற ஸ்பிரெட் உடனே விலை ஏறும். நடுப்பகுதி லாபம் கடைசி நாட்களில்தான் கனியும்.

பங்கு ஏறலாம் அல்லது மெல்ல இறங்கலாம் என்று கருதுபவருக்கு, 4.90 நஷ்டத்தைத் தாங்க முடியுமானால், உடைந்த சிறகு பொருந்தும். திடீர்ச் சரிவை அஞ்சுபவர் 0.30 கொடுத்துச் சமச் சிறகையே வாங்கட்டும்.