4 பிராஸ் என்று ரசீது, தொட்டியில் 3 பிராஸ் ஜல்லி: லோடு இறக்கும் முன் அளந்து பாருங்கள்

மகாராஷ்டிரத்தில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் அடித்தளத்துக்காக வாங்கிய 20 மி.மீ. ஜல்லியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எங்களுக்கு வந்து சேரவில்லை. வந்து சேராத ஜல்லிக்கும் பணம் வாங்கப்பட்டது. இந்த ஏமாற்று எந்த இடத்தில் நுழைகிறது என்பதைக் கணக்கோடு எழுதினால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும் என்பதால் எண்களை அப்படியே தருகிறேன்.

பொறியாளர் எழுதிக் கொடுத்த தேவை 11 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 35.31 கன அடி என்பதால் அது ஏறத்தாழ 388 கன அடி. அங்கே பிராஸ் என்பதும் தமிழ்நாட்டில் யூனிட் என்பதும் 100 கன அடிதான், அதாவது 2.83 கன மீட்டர். எனவே 4 பிராஸ் கொண்ட ஒரு லோடு போதும், சிறிது மிஞ்சவும் செய்யும் என்று கணக்கிட்டு ஆர்டர் கொடுத்தோம். முதல் லோடு வந்த அன்று மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கான்கிரீட் போடும்போது ஜல்லி பாதி வழியிலேயே தீரத் தொடங்கியது. கலவை விகிதத்தைச் சரிபார்த்தோம், அதில் பிழையில்லை. அதனால் இரண்டாவது லோடு அதே டிப்பரில் வந்தபோது, கொட்டுவதற்கு முன் டேப்பைக் கையில் எடுத்தோம்.

ரசீதில் 14.6 × 7.3 × 3.9 என்று எழுதி, பெருக்குத்தொகையாக 415 கன அடி என்று போட்டிருந்தார்கள். நாங்கள் கேட்ட 400-ஐவிட 15 கன அடி கூடுதலாகத் தருவதாகவும் ஓட்டுநர் சொன்னார். டேப்பில் தொட்டியின் வெளிப்புறம் 14 அடி 6 அங்குலம், 7 அடி 3 அங்குலம், 3 அடி 9 அங்குலம் இருந்தது. முதல் பித்தலாட்டம் இங்கேயே இருக்கிறது. அடிக்கு 12 அங்குலம் என்பதால் 6 அங்குலம் 0.5 அடி, 3 அங்குலம் 0.25 அடி, 9 அங்குலம் 0.75 அடி. அங்குலத்தைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே எழுதினால் ஒவ்வோர் அளவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவிடுகிறது. சரியாகப் பெருக்கினால் 14.5 × 7.25 × 3.75, அதாவது 394 கன அடிதான். வெறும் புள்ளியில் 21 கன அடி காற்றில் உண்டாகிவிட்டது. 1 முதல் 9 வரை எந்த அங்குலத்தை இப்படி எழுதினாலும் விற்பவருக்கே ஆதாயம் என்பதைக் கவனியுங்கள்.

அந்த 394-கூட வெளி அளவு. ஜல்லி நிற்பது தொட்டிக்கு உள்ளே. பக்கத் தகடுகள், அவற்றைத் தாங்கும் பட்டைகள், பின்கதவு, தொட்டித் தளத்துக்குக் கீழே உள்ள சட்டம் ஆகியவை எடுத்துக்கொள்ளும் இடத்தை ஜல்லி நிரப்ப முடியாது. உள்ளே அளந்தபோது நீளம் 14 அடி 2 அங்குலம், அகலம் 6 அடி 11 அங்குலம். ஆகத் தளப்பரப்பு ஏறத்தாழ 98 சதுர அடி. இந்த ஓர் எண் கையில் இருந்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். 400 கன அடியை 98-ஆல் வகுத்தால் 4 அடி 1 அங்குல உயரம் வேண்டும். அந்தத் தொட்டியின் உள் ஆழமோ 3 அடி 5 அங்குலம். விளிம்பு வரை தட்டித் தட்டி நிரப்பினாலும் 335 கன அடிக்கு மேல் அந்த வண்டியில் ஏறாது. 4 பிராஸ் என்பது அந்த டிப்பரால் சுமக்கவே முடியாத கொள்ளளவு.

அதுவும் விளிம்பு வரை நிரம்பியிருக்கவில்லை. நடுவில் குவித்து, நாலு மூலைகளிலும் பள்ளமாக விட்டிருந்தார்கள். சாலையில் நின்று பார்ப்பவருக்குக் குவியல் மட்டும் தெரியும். ஆட்களை ஏற்றி மேற்பரப்பைச் சமப்படுத்தச் சொல்லி, விளிம்பிலிருந்து கீழே அளந்தபோது 4 அங்குலம் காலியாக இருந்தது. ஜல்லிக்குள் கம்பியை அடிவரை இறக்குவது கடினம். அதனால் கொட்டுவதற்கு முன் விளிம்பிலிருந்து ஜல்லி மட்டம் வரையும், கொட்டிய பின் விளிம்பிலிருந்து தளம் வரையும் அளந்து கழிப்பதே நம்பகமான முறை. நின்ற உயரம் 3 அடி 1 அங்குலம். 98-ஐ 3.083-ஆல் பெருக்கினால் 302 கன அடி, அதாவது 3.02 பிராஸ், 8.55 கன மீட்டர். தேவைப்பட்ட 11 கன மீட்டரில் ஏறத்தாழ இரண்டரை கன மீட்டர் இல்லை.

வழியில் குலுங்கி அமுங்கிவிட்டது என்று முதலில் சொன்னார்கள். ஜல்லி பயணத்தில் அமுங்குவது உண்மைதான். ஆனால் கம்பியால் குத்தி நெருக்கினாலே சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறையும், கால் பங்கு குறையாது. அடுத்து எடைமேடைச் சீட்டைக் காட்டினார்கள். நிகர எடை 12.8 டன், ஒரு பிராஸ் 3.2 டன், ஆகவே 4 பிராஸ் என்றார்கள். தளர்வாகக் கொட்டிய 20 மி.மீ. ஜல்லி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 டன் இருக்கும். அப்படியென்றால் 2.83 கன மீட்டர் கொண்ட ஒரு பிராஸ் நாலேகால் டன்னை ஒட்டி இருக்க வேண்டும். அவர்கள் காட்டிய 12.8 டன்னை 1.5-ஆல் வகுத்தால் சுமார் 8.5 கன மீட்டர் வருகிறது. எங்கள் டேப் சொன்னதையே அவர்களுடைய சீட்டும் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டாவது லோடுக்கு 3 பிராஸ் பணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். முதல் லோடு கொட்டிக் கலைந்துவிட்டதாகவும் ரசீதில் எங்கள் கையெழுத்து இருப்பதாகவும் சொல்லி, அதற்கான பணத்தைத் திருப்பித் தர இன்றுவரை மறுக்கிறார்கள்.

மணல் வாங்குவோர் இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லேசாக ஈரமான மணலில் துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால், 5 சதவீத ஈரத்திலேயே கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரை உப்பிவிடக்கூடும். நுண்மணலில் இன்னும் அதிகம். தொட்டியைச் சரியாக அளந்தாலும் இது டேப்பில் தெரியாது. நேர்ச்சுவர் கொண்ட ஒரு கண்ணாடிச் சாடியில் அந்த மணலை அமுக்காமல் போட்டு உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வெளியே எடுத்து, சாடியில் பாதி நீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அடங்கவிடுங்கள். முழுக்க நனைந்த மணல் உலர்ந்த மணலின் அளவுக்கே இறங்கிவிடும். 20 செ.மீ. மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால், 4 பிராஸ் என்று வந்த லோடில் உள்ளது 3.2 பிராஸ் மணல்தான். ஈர மணலை எடையில் வாங்கினாலும் நீரின் எடைக்குப் பணம் கொடுக்கிறோம். ஆனால் அதே 5 சதவீத ஈரத்துக்கு அந்த இழப்பு 5 சதவீதத்தோடு நின்றுவிடும்.

இப்போது எங்கள் ஆர்டர் தாளில் பிராஸ் எண்ணுக்குப் பக்கத்திலேயே கன அடியையும் எழுதி, "தொட்டியின் உள் அளவு, சமப்படுத்திய மட்டம், கொட்டும் முன் அளவீடு" என்று ஒரு வரி சேர்த்து, வண்டி கிளம்பும் முன்பே விற்பவரின் ஒப்பத்தை வாங்கிவிடுகிறோம். அந்த வரிக்கு ஒப்பமிட மறுத்த ஒருவரிடம் ஆர்டரையே ரத்து செய்தோம். வாசலுக்கு வரும் ஒவ்வொரு டிப்பரின் உள் தளப்பரப்பையும் வண்டி எண்ணோடு எழுதி வைத்திருப்பதால், அடுத்த முறை அதே வண்டி வரும்போது உயரத்தை மட்டும் அளந்தால் போதுமானதாக இருக்கிறது.